‘வந்தாச்சுங்க’வுக்கு அப்புறம் எத்தனை ஃப்ரேம்?

“காமெடின்னா வேகம்ணா. நடுவுல கேப் விட்டா செத்துரும்.” எங்கள் குழுவில் ஸ்கெட்ச் எழுதி இயக்குகிற தம்பி எப்போதும் சொல்கிற வாசகம் இது. நான் எடிட் செய்ய உட்கார்ந்ததும் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவன் முதலில் சொல்வது “அந்த கேப்பைத் தூக்குங்கண்ணா” என்பதுதான். அவன் சொல்வது முழுக்கத் தப்பு என்றால் பிரச்சினையே இல்லை, சிரித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். பாதி சரி, அதுதான் தொந்தரவு. போனைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகிறவர்களுக்காகத்தான் எடுக்கிறோம், இரண்டு செகண்ட் ஒன்றும் நடக்காவிட்டால் ஆள் போய்விடுவார். ஆனால் எல்லா இடைவெளியையும் தூக்கிய பிறகு பார்த்தால் வசனம் நன்றாக இருக்கிறது, நடிப்பு நன்றாக இருக்கிறது, வேகமும் இருக்கிறது, சிரிப்பு மட்டும் வருவதில்லை. அது எங்கே போகிறது என்ற கேள்வி ரொம்ப நாளாக என்னை அரித்துக்கொண்டே இருந்தது. கோத்தகிரிக்குக் கீழே ஒரு வளைவில் இருக்கிற டீக்கடையில் எடுத்த ஒரு சின்ன ஸ்கெட்சை வெட்டும்போதுதான் அதற்கு எனக்குத் திருப்தியான பதில் கிடைத்தது. அந்த ஒரு ஸ்கெட்சை மட்டும் வைத்தே இதை எழுதுகிறேன்.

கதை இவ்வளவுதான். ஐப்பசி மாதம், மத்தியானத்துக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மிஸ்ட் ஏறி ரோட்டை மூடிவிட்டது. கீழே இருந்து வந்த ஒரு டூரிஸ்ட், குரங்குக் குல்லா, ஜெர்கின், குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு டீ மாஸ்டரிடம் கேட்கிறார்: “அண்ணா, வியூ பாயிண்ட்டுக்கு இன்னும் எவ்வளவு தூரம் போகணும்?” மாஸ்டர் டீ ஆற்றிக்கொண்டே சொல்கிறார்: “வந்தாச்சுங்க.” டூரிஸ்ட் திரும்பிப் பார்க்கிறார். பின்னால் சுத்த வெள்ளை, ஒரு மரம்கூடத் தெரியவில்லை. மறுபடி மாஸ்டரைப் பார்க்கிறார். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிற பெரியவர் தலை நிமிராமல் சொல்கிறார்: “நேத்து நல்லாத் தெரிஞ்சுதுங்க.” முடிந்தது. மலையில் இருக்கிறவர்கள் எல்லோரும் சீசனில் ஒரு தடவையாவது பார்த்திருக்கிற காட்சிதான்.

தம்பி கேட்டபடி முதலில் வேகமாக ஒரு வெர்ஷன் வெட்டினோம். கேள்வி முடிந்து ஐந்து ஃப்ரேமில் “வந்தாச்சுங்க” வந்துவிடும். நாங்கள் எடுப்பது செகண்டுக்கு 25 ஃப்ரேம், அதாவது ஒரு ஃப்ரேம் 40 மில்லிசெகண்ட், ஐந்து ஃப்ரேம் என்றால் செகண்டில் ஐந்தில் ஒரு பங்கு. சாதாரணப் பேச்சில் ஒருவர் முடித்து இன்னொருவர் தொடங்க ஏறத்தாழ அவ்வளவுதான் ஆகும், அதனால் காதுக்கு அது இயல்பாகவே இருந்தது. அடுத்து உடனே டூரிஸ்ட்டின் முழித்த முகம், உடனே பெரியவர் முகம், வசனம், கட். பார்த்தவர்கள் முகம் சுளிக்கவில்லை. ஒரு புன்னகை, அவ்வளவுதான். “நல்லா இருக்கு” என்றார்கள். சிரிக்க வைக்க எடுத்ததைப் பார்த்துவிட்டு “நல்லா இருக்கு” என்று ஒருவர் வாயால் சொல்கிறார் என்றால் அது விழவில்லை என்று அர்த்தம்.

ஏன் விழவில்லை என்று யோசித்தால், இந்த ஜோக்கைப் பார்க்கிறவர் தலைக்குள் நடக்கவேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது. “வந்தாச்சு” என்ற சொல்லைக் கேட்கவேண்டும். ‘எங்கே வந்தாச்சு?’ என்று நினைக்கவேண்டும். பின்னால் இருக்கிற வெள்ளையைப் பார்த்து, ‘இதுதான் வியூவா!’ என்று அவராகவே சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர் சேர்த்து முடிக்கிற நேரத்தில்தான் சிரிப்பு இருக்கிறது, வசனத்தில் இல்லை. அந்த நேரத்தைக் கொடுக்காமல் அடுத்த வசனத்தை வைத்தால், அவர் இரண்டாவதைக் கேட்கப் போய்விடுவார், முதலாவது பாதியில் நின்றுவிடும். வேகமான வெர்ஷனில் நாங்கள் தூக்கி எறிந்தது வெறும் கேப் என்று நினைத்தோம். உண்மையில் அது பார்வையாளருடைய நேரம்.

## முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று

சரி, கேப் விடலாம் என்று முடிவான பிறகு அடுத்த கேள்வி எங்கே விடுவது என்பது. பதில் வசனத்துக்கு முன்னால் ஒரு நிறுத்தம் இருக்கிறது, பின்னால் ஒரு நிறுத்தம் இருக்கிறது. இரண்டும் ஒன்று போலத் தெரியும், வேலை வேறு. முன்னால் இருப்பது எதிர்பார்ப்பை ஏற்றுகிறது: இவர் என்ன சொல்லப் போகிறார்? பின்னால் இருப்பது புரிந்துகொள்ள இடம் கொடுக்கிறது. பதில் ரொம்பச் சின்னதாக, அலட்சியமாக இருந்தால் முன்னால் ஏற்றுவது நன்றாக வேலை செய்யும், ஏறிய அளவுக்கு இறங்குகிறது. பதிலைப் புரிந்துகொள்ள யோசிக்கவேண்டும் என்றால் பின்னால்தான் நீளம் வேண்டும். இந்த ஸ்கெட்சில் இரண்டுமே வேண்டும், ஆனால் பின்னால் அதிகம்.

முன்னால் விட்ட நிறுத்தத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மாஸ்டராக நடித்தவர் நிஜமாகவே டீ மாஸ்டர். ஒரு டேக்கில் கேள்வி வந்தபோது அவர் டம்ளரிலிருந்து குவளைக்கு டீயை ஊற்றத் தொடங்கியிருந்தார். கை மேலே போகிறது, டீ கயிறு போல நீள்கிறது, நுரை ஏறுகிறது, கடைசிச் சொட்டு விழுந்து கை நின்றதும் “வந்தாச்சுங்க.” கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் 30 ஃப்ரேம், ஒரு செகண்டுக்குக் கொஞ்சம் மேல். அதே 30 ஃப்ரேமை அவர் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிற இன்னொரு டேக்கில் வைத்துப் பார்த்தேன். அங்கே வசனம் மறந்துவிட்டது போல் இருந்தது. நிறுத்தத்துக்கு உள்ளே ஒரு வேலை நடந்துகொண்டிருந்தால் பார்க்கிறவர் அதைக் காத்திருப்பு என்று எடுத்துக்கொள்கிறார், வேலை இல்லாவிட்டால் கோளாறு என்று எடுத்துக்கொள்கிறார். டீயை ஆற்றி முடிக்கவேண்டும் என்பது அவருக்குக் கேள்வியைவிட முக்கியம் என்பதும் அதில் சேர்ந்தே தெரிகிறது, அதுவே பாதி காமெடி.

வெட்டு எப்படி என்றால், கேள்வி இருவரும் இருக்கிற ஷாட்டில் முடிகிறது. முடிந்து எட்டு ஃப்ரேம் அங்கேயே நிற்கிறோம், டூரிஸ்ட் பதிலுக்காகப் புருவத்தைத் தூக்குவது தெரியட்டும் என்று. அப்புறம் மாஸ்டரின் தனி ஷாட், டீ நடுவானில். அங்கே மிச்ச 22 ஃப்ரேம். தனி ஷாட்டுக்குப் போய்விட்டால் நிறுத்தத்தின் நீளம் நம் கைக்கு வந்துவிடும், எந்த டேக்கில் டீ ஆற்றுவது நீளமோ அதை எடுத்துக்கொள்ளலாம், நடிகர்கள் அன்றைக்கு எவ்வளவு இடைவெளி விட்டார்கள் என்பது நம்மைக் கட்டாது. குட்டையாக ஊற்றிய டேக்கை ஸ்லோ பண்ணி நீட்டலாமே என்று தம்பி கேட்டான். டீ விழுகிற வேகம் எல்லோருடைய கண்ணுக்கும் பழக்கம், கொஞ்சம் மெதுவானாலும் உடனே தெரிந்துவிடும். நீளமான டேக்கைத் தேடுவதுதான் வழி.

“வந்தாச்சுங்க” முடிந்ததும் கை தானாக டூரிஸ்ட் முகத்துக்கு வெட்டப் போகும். அங்கே பத்து ஃப்ரேம் பொறுத்தேன். அந்தப் பத்து ஃப்ரேமில் மாஸ்டர் சொல்லிவிட்டு அடுத்த டம்ளரைக் கையில் எடுக்கிறார். இது ஏன் வேண்டும் என்றால், அவர் கிண்டல் செய்யவில்லை, உண்மையைத்தான் சொல்கிறார் என்பது அந்த அசைவில்தான் உறுதியாகிறது. அவர் உதட்டோரம் சிரித்திருந்தால் ஜோக் அவருடையதாகிவிடும். சிரிக்காமல் அடுத்த டீக்குப் போனதால் ஜோக் டூரிஸ்ட்டின் தலையில் வந்து உட்காருகிறது.

நிறுத்தம் எடுபட வேண்டும் என்றால் சுற்றி உள்ளதெல்லாம் கச்சிதமாக இருக்கவேண்டும், இதில் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. டூரிஸ்ட் காரிலிருந்து இறங்குவது, கதவைச் சாத்துவது, கடைக்கு நடப்பது எல்லாவற்றையும் அவன் சொன்னபடியே இரக்கமில்லாமல் வெட்டினோம். முன்னால் ஓடிக்கொண்டிருந்தால்தான் நிற்பது நிற்பதாகத் தெரியும். எல்லா வசனத்துக்கும் பின்னால் ஒரு செகண்ட் விட்டு வைத்திருக்கிற வீடியோக்களில் எந்த நிறுத்தமும் வேலை செய்யாமல் போவது இதனால்தான்.

## முகம் மாறுகிற இடம்

வேகமான வெர்ஷனில் டூரிஸ்ட்டின் ரியாக்‌ஷன் ஷாட் அவர் முழித்துக்கொண்டிருக்கிற இடத்தில் தொடங்கியது. நிறையப் பேர் அப்படித்தான் வெட்டுகிறார்கள், ‘நல்ல எக்ஸ்பிரஷன்’ எந்த ஃப்ரேமில் உச்சத்தில் இருக்கிறதோ அங்கே உள்ளே நுழைகிறார்கள். அதில் முடிவு மட்டும்தான் நமக்குக் கிடைக்கும். ஒருவர் ஏமாந்தார் என்ற செய்தி கிடைக்கும், ஏமாறுவதைப் பார்க்க முடியாது. முகம் மாறுவதற்கு முன்னால் உள்ளே போகவேண்டும். கேள்வி கேட்ட அதே நம்பிக்கைச் சிரிப்பு இன்னும் முகத்தில் இருக்கவேண்டும், கொஞ்ச நேரம் அப்படியே நிற்கவேண்டும், அப்புறம் கண் முதலில் நகரவேண்டும், அதற்குப் பின்னால் தலை. நான் கடைசியில் வைத்ததில் முதல் 15 ஃப்ரேம் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அந்த 15 ஃப்ரேமில்தான் பார்க்கிறவர் டூரிஸ்ட்டை முந்திக்கொண்டு வெள்ளையைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார். தான் முந்திவிட்டோம், இவருக்கு இன்னும் விளங்கவில்லை என்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. பிறகு டூரிஸ்ட் திரும்பும்போது அது சிரிப்பாக வெளியே வருகிறது.

அந்த ஷாட்டை விட்டு நாம் வெளியே வருகிற இடமும் அதே அளவு முக்கியம். நடிகர்கள் ரியாக்‌ஷன் கொடுத்து முடித்த பிறகு சும்மா இருக்கமாட்டார்கள், இயக்குநர் கட் சொல்லும்வரை ஏதாவது ஒன்றைச் சேர்ப்பார்கள். தோளைக் குலுக்குவார்கள், பெருமூச்சு விடுவார்கள், உதட்டைப் பிதுக்குவார்கள். முதல் மாற்றம் நமக்கு, இரண்டாவது அவர்களுக்கு. முதல் மாற்றம் முடிந்து கண் ஒரு இடத்தில் நிலைத்ததும் வந்துவிடவேண்டும். எங்கே என்று சந்தேகமாக இருந்தால் கண் சிமிட்டலைப் பார்ப்பேன், ஒரு யோசனை முடிகிற இடத்தில் பெரும்பாலும் மனிதர்கள் சிமிட்டுகிறார்கள், அதற்கு ஓரிரு ஃப்ரேம் முன்னால் வெட்டினால் உறுத்தாது.

இதெல்லாம் சரி, அப்படி ஒரு ஷாட் கையில் இருந்ததா என்றால், டேக்குகளில் இல்லை. நடிப்பு நன்றாக இருந்த டேக்கில் மிஸ்ட் கொஞ்சம் விலகி, பின்னால் தேயிலைச் சரிவும் ஒரு சில்வர் ஓக் மரமும் தெரிந்தன. வெள்ளைதான் ஜோக், மரம் தெரிந்தால் ஜோக் இல்லை. மலையில் எடுக்கிறவர்களுக்கு இது தெரிந்த கஷ்டம்தான்: இருவர் ஷாட்டை எடுத்துவிட்டு லென்ஸ் மாற்றி க்ளோசப்புக்கு வருவதற்குள் பின்னால் ஊரே மாறியிருக்கும். மாஸ்டரையும் பெரியவரையும் கடைச் சுவருக்கு முன்னால் வைத்து எடுத்ததால் அவர்கள் ஷாட்டுகளை எந்த நேரத்தில் எடுத்திருந்தாலும் எங்கே வேண்டுமானாலும் செருக முடிந்தது. டூரிஸ்ட் மட்டும்தான் பள்ளத்தாக்கை முதுகில் வைத்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் டேக் தொடங்குவதற்கு முன்னால் கேமரா ஓடிக்கொண்டிருந்த பகுதிகளைப் பார்க்கத் தொடங்கினேன். ஸ்கெட்ச் வெட்டுகிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான், ஆக்‌ஷனுக்கு முன்னாலும் கட்டுக்குப் பின்னாலும் இருப்பதை முதலில் பாருங்கள். அங்கே ஒன்று கிடைத்தது. சவுண்ட் பார்க்கிற பையன் “அண்ணா, ஏதோ வண்டிச் சத்தம் வருது, இருங்க” என்கிறான். டூரிஸ்ட்டாக நடித்தவர் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர், சிரிப்பு மாறாமல் கொஞ்சம் நிற்கிறார், கண்ணை நகர்த்துகிறார், திரும்பி மிஸ்ட்டுக்குள் வண்டியைத் தேடுகிறார். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி பையனைப் பார்க்கிறார், முகத்தில் எதுவும் இல்லை. அந்த முகம் அப்படியே முழுசாக இரண்டே முக்கால் செகண்ட் நிற்கிறது. பின்னால் சுத்த வெள்ளை. நிஜமாகவே எதையோ தேடிக் காணாத முகம் அது. நடிக்கச் சொன்னால் அவர் ‘காணோமே’ என்று நம்மிடம் சொல்லியிருப்பார், இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

அந்த முகத்தில் ஏமாற்றம் கிடையாது. ஆனால் “வந்தாச்சுங்க”வுக்கு அடுத்து வைத்ததும் அத்தனை ஏமாற்றமும் அதில் தெரிந்தது. லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் சுமார் நூறு வருடங்களுக்கு முன்னால் ரஷ்யாவில் ஒரே முகத்தைச் சூப்புக் கிண்ணத்துக்கும் சவப்பெட்டிக்கும் பக்கத்தில் ஒட்டிக் காட்ட, பார்த்தவர்கள் அதில் ஒரு தடவை பசியையும் ஒரு தடவை துக்கத்தையும் கண்டதாகச் சொல்கிற கதை எடிட்டிங் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். காமெடியில் அதற்கு இன்னும் வலு அதிகம் என்பது என் எண்ணம். முகம் தானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் பார்க்கிறவருக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சுவதில்லை. ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் நாகேஷ் கதை சொல்ல, கேட்டுக்கொண்டிருக்கிற பாலையாவை நினைத்துப் பாருங்கள். அங்கே பாலையா பயத்தை ரொம்பவே காட்டுகிறார், ஆனால் அது கொஞ்சம் கொஞ்சமாக, கதையின் ஒவ்வொரு படியிலும் மாறிக்கொண்டே போகிற முகம். கதையை மட்டும் காதால் கேட்டால் பாதிதான் கிடைக்கும்.

திருடிய ஷாட்டில் ஒரு சிக்கல் இருந்தது. மாஸ்டர் இருக்கவேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பையன் நின்றிருந்தான், அதனால் பார்வை தலைகீழ். பார்வை மாறினால் அவர் மாஸ்டரைப் பார்க்கவில்லை, வேறு யாரையோ பார்க்கிறார் என்று ஆகிவிடும், ரியாக்‌ஷன் அங்கேயே செத்துவிடும். ஷாட்டை இடவலமாகப் புரட்டினேன். வழக்கமாகப் புரட்டினால் காட்டிக்கொடுப்பவை மூன்று: தலைவகிடு, உடையில் இருக்கிற எழுத்து, வெளிச்சம் விழுகிற பக்கம். வகிடு குரங்குக் குல்லாவுக்குள். மிஸ்ட் வெளிச்சத்துக்குப் பக்கம் கிடையாது, எல்லாத் திசையிலிருந்தும் ஒரே மாதிரி வருகிறது, நிழலே விழாது. ஜெர்கினில் எழுத்து இருந்தது, 4கே-யில் எடுத்ததால் கழுத்துக்கு மேலே மட்டும் பெரிதாக்கி 1080-இல் கொடுக்க முடிந்தது. போன் திரையில் கண் நகர்வது தெரியவேண்டும் என்றாலும் முகம் அவ்வளவு பெரிதாக இருந்தே ஆகவேண்டும்.

சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த ஷாட்டில் பையனின் குரல் இருந்ததால் அதன் ஒலியை முழுசாகத் தூக்கினேன், தூக்கியதும் அந்த இடம் ஊமையாகிவிட்டது. போனில் பார்க்கும்போது சுத்தமாகச் சத்தம் அற்றுப்போனால், வீடியோ மாட்டிக்கொண்டது, நெட்வொர்க் போய்விட்டது என்றுதான் தோன்றும், அதுவும் எங்கள் பக்கம் சிக்னல் இருக்கிற லட்சணத்துக்குச் சொல்லவே வேண்டாம். கடையில் எல்லோரையும் பேசாமல் நிற்கச் சொல்லி ஒரு நிமிடம் பதிவு செய்து வைத்திருந்தோம்: பாய்லர் சீறல், தகரக் கூரையில் சொட்டுகிற தண்ணீர், அவ்வளவுதான். அதைக் காட்சி முழுக்க அடியில் ஓடவிட்டால் நிறுத்தம் உயிரோடு இருக்கிறது, வெட்டுகளும் காதுக்குத் தெரிவதில்லை. தம்பி அந்த இடத்தில் ஒரு ‘டொய்ங்’ வைக்கக் கேட்டான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது சிரி என்று சொல்கிற சத்தம் அது. பார்க்கிறவர் அப்போதுதான் தானாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார், அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கவேண்டாம்.

## பெரியவர் வசனம் யார் முகத்தில்?

இங்கேதான் எனக்கும் தம்பிக்கும் பெரிய வாக்குவாதம். பெரியவராக நடித்தவர் அருமையாகச் செய்திருந்தார். பேப்பரைப் பிடித்த கை, மூக்கு நுனியில் கண்ணாடி, தலை நிமிராமல் “நேத்து நல்லாத் தெரிஞ்சுதுங்க.” கடைசி வசனம், அதைச் சொல்கிறவர் முகத்தில்தானே வைக்கவேண்டும்? நானும் அப்படி வைத்துத்தான் வெட்டியிருந்தேன். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினோம். நான் திரையைப் பார்க்கவில்லை, அக்கா முகத்தைத்தான் பார்த்தேன். டூரிஸ்ட் திரும்பியபோது முகம் மலர்ந்தது, சிரிப்பு ஏறிக்கொண்டே வந்தது. பெரியவருக்கு வெட்டியதும் அந்த ஏற்றம் நின்றுவிட்டது. முடிந்ததும் அக்கா சொன்னது: “அந்தப் பெரியவர் நல்லா நடிச்சிருக்காரு சாமி. யாரு அவரு?”

தம்பிக்கு அதில் ஏக சந்தோஷம். எனக்கு அந்த ‘யாரு அவரு’ உறுத்தியது. அதுவரை அக்கா டூரிஸ்ட்டோடு இருந்தார். புதிதாக ஒரு முகம் வந்ததும் யார், எங்கே உட்கார்ந்திருக்கிறார், என்ன படிக்கிறார் என்று கண் வேலை செய்யத் தொடங்கிவிட்டது, அந்த நேரத்தில் வசனம் கடந்து போய்விட்டது. அடி வாங்குகிறவர் ஒருவர், நாம் காட்டியது அடித்தவரை. ஜோக் சொல்கிறவர் வாயில் இருந்து புறப்படுகிறது, போய்ச் சேருகிற இடம் கேட்கிறவர் முகம். நாங்கள் புறப்படுகிற இடத்தில் கேமராவை வைத்துக்கொண்டிருந்தோம்.

பெரியவர் ஷாட்டையே தூக்கிவிட்டு, குரலை மட்டும் டூரிஸ்ட் முகத்தின் மேல் ஓடவிட்டேன். முன்னால் இருவர் ஷாட்டில் பெஞ்சில் அவர் பேப்பரோடு இருப்பது ஓரமாகத் தெரிகிறது, அதனால் குரல் எங்கிருந்து வருகிறது என்பதில் குழப்பம் இல்லை. அது தெரியாமல் இருந்திருந்தால் இந்த வழி ஆகியிருக்காது. உதடு தெரியாததால் இன்னொரு வசதியும் வந்தது, வசனத்தை ஒவ்வொரு ஃப்ரேமாக முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்கலாம். டூரிஸ்ட் மாஸ்டர் பக்கம் திரும்பிய உடனே வைத்தால் குரல் அவரை முந்திக்கொண்டு வந்தது போல் இருந்தது. ஒரு செகண்ட் தள்ளினால் அவர் ஏற்கெனவே ஏமாந்து முடித்துவிட்டார், குரல் கூடுதல் தகவலாகிவிட்டது. திரும்பி, கண் நிலைத்து, வாய் ஏதோ கேட்கத் திறக்கப் போகிறது என்று தோன்றுகிற இடம் ஒன்று இருக்கிறது, திரும்பி முடித்து 9 ஃப்ரேமில். அங்கே வைத்தபோது குரல் அவர் வாயை அடைத்தது. வசனம் முடிந்த பிறகும் அதே முகத்தில் 20 ஃப்ரேம். திருடிய ஷாட் அதோடு தீர்ந்துவிட்டது, ஒரு ஃப்ரேம் அதிகமாக இருந்திருந்தாலும் பையனின் கை உள்ளே வந்திருக்கும்.

அக்காவிடம் மறுபடி காட்ட முடியாது. ஒரு தடவை தெரிந்த ஜோக்கை வைத்து யாரையும் சோதிக்க முடியாது, எடிட்டரைக்கூட. அடுத்த நாள் காலையில் பால் கொண்டு வந்த அண்ணனை நிற்க வைத்து, ஒன்றும் சொல்லாமல் போனைக் கையில் கொடுத்தேன். டூரிஸ்ட் திரும்பும்போது மூக்கால் சிரித்தார், பெரியவர் குரலில் வாய்விட்டுச் சிரித்தார். போனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே “பாவம்ங்க அந்த ஆளு, காசு செலவு பண்ணி வந்திருப்பாரு” என்றார். அவர் கடைசிவரை டூரிஸ்ட்டோடுதான் இருந்திருக்கிறார். நடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பியிடம் இரண்டு பேரும் சொன்னதை அப்படியே சொன்னேன், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு “பெரியவர்கிட்ட நீங்களே பேசிருங்கண்ணா” என்றான். பேசினேன். குரல் இருக்கிறதல்லவா, அது போதும் என்றார் அவர்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஊர்ச் சமுதாயக் கூடத்தில் பொங்கல் சமயத்தில் திரை கட்டி எங்கள் ஸ்கெட்சுகளைப் போட்டார்கள். போனில் ஒருவர் தனியாகப் பார்க்கும்போது மூக்கால் சிரிக்கிற இடத்தில், கூடம் நிறைய ஆள் இருந்தால் எல்லோரும் சேர்ந்து வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். டூரிஸ்ட் திரும்பியதும் எழுந்த சிரிப்பில் “நேத்து நல்லாத் தெரிஞ்சுதுங்க” முழுசாக முழுகிப்போனது, பின்வரிசையில் “என்ன சொன்னாரு, என்ன சொன்னாரு” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். 9 ஃப்ரேம் என்பது போனில் பார்க்கிற ஒரு ஆளுக்கான கணக்கு. நாடகம் போடுகிறவர்கள் சிரிப்பு அடங்குவதற்காக மேடையிலேயே காத்திருப்பார்கள், வெட்டி முடித்த வீடியோ யாருக்காகவும் காத்திருக்காது.

அதனால் கூடத்துக்கென்று தனியாக ஒன்று வெட்டினேன். டூரிஸ்ட் திரும்பியதும் தூரத்து ஷாட் ஒன்று, கடையும் காரும் சின்னதாக, மீதி எல்லாம் வெள்ளை, இரண்டு செகண்ட். அப்புறம் முகம், அப்புறம் குரல். சிரிப்பு முழுசாக அடங்கும்வரை காத்திருந்தால் கூடம் ஆறிவிடும், பாதி இறங்கும்போது வசனம் வரவேண்டும், அதற்கு இரண்டு செகண்ட் ஏறக்குறையச் சரியாக இருக்கிறது. ஆனால் கூட்டம் சிரிக்காத நாளில் அந்த இரண்டு செகண்ட் அம்மணமாக நிற்கும் என்பதும் எனக்குத் தெரியும். அந்தத் தூரத்து ஷாட்டுக்குள் சிரிப்பு வந்தாலும் வராவிட்டாலும் பார்க்க ஏதாவது ஒரு வேலை நடக்கவேண்டும். தம்பிதான் வழி சொன்னான்: காரிலிருந்து டூரிஸ்ட்டின் சம்சாரம் இறங்கி வந்து, வெள்ளைக்கு முன்னால் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து போட்டோ எடுக்கட்டும், சத்தமில்லாமல். அடுத்த ஷூட்டிங்கில் முதல் வேலையாக அதைத்தான் எடுக்கப் போகிறோம்.